பலகைக் கணக்கும் களக் கணக்கும்

எமது ஊர்க் கபடி அணிக்கு அயலூர்களில் ஒரு பட்டப்பெயர் உண்டு. அதனை இங்கே எழுதுவது அழகல்ல. கோப்பையைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்கள் என்பது அதன் பொருள். 2014 முதல் 2023 வரை எமது அணி ஏழு சுற்றுப்போட்டிகளில் இறுதி ஆட்டத்துக்கு வந்தது. ஒன்றில் வென்றது. ஒன்றில் படுதோல்வி கண்டது. மீதி ஐந்திலும் நான்கு புள்ளிகளுக்குள்ளேயே தோற்றது. வடபுலத்தில் ஒரு கரையோரக் கிராமத்தின் கபடி அணி தோற்பதனால் உலகம் தலைகீழாகிவிடப்போவதில்லை என்பதை நாம் அறிவோம். ஆயினும் ஊரை விட்டுப் பல்லாயிரம் மைல்களுக்கு அப்பால் வந்து குளிரில் வேலைக்குப் போய்வரும் எம்மவர்கள், அந்த ஒரு புள்ளியையும் இரண்டு புள்ளியையும் நினைத்து உறங்காமல் கிடந்த இரவுகள் உண்டு.

உறங்காதவர்கள் சும்மா இருப்பதில்லை, காரணம் தேடுவார்கள். இங்குள்ள எமது ஊர் ஒன்றியத்தின் கூட்டங்களில் மூன்று காரணங்கள் மாறி மாறிப் பேசப்பட்டன. நடுவர்கள் எதிரூர்க்காரருக்குச் சார்பானவர்கள் என்பது முதலாவது. அரையிறுதியும் இறுதியும் ஒரே நாளில் நடப்பதால் எமது பொடியன்கள் களைத்துவிடுகிறார்கள் என்பது இரண்டாவது. மூன்றாவதைக் குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார்கள். அணியின் முதன்மை ஆட்டக்காரர், அதாவது எதிர்ப்பக்கத்துக்குப் பாடிச் செல்பவர்களில் முதல்வர், இறுதி ஆட்டத்தின் கடைசி நிமிடங்களில் வேண்டுமென்றே சொதப்புகிறார் என்றும், அதற்காகக் காசு வாங்குகிறார் என்றும் ஒரு கதை ஊரிலிருந்து கடல் கடந்து இங்கும் வந்து சேர்ந்தது. அவர் கடற்றொழிலாளி. முப்பது வயதை எட்டியவர். அந்தக் கதை காதில் விழுந்த நாள் முதல் அவர் மைதானத்துக்கு வருவதை நிறுத்திவிட்டார். அவரை நீக்கிவிட்டு வெளியிலிருந்து சம்பளத்துக்கு ஒரு பயிற்றுநரைக் கொண்டுவர ஒன்றியம் பணம் அனுப்ப வேண்டும் என்று கழகத்திலிருந்து கடிதம் வந்தது. ஒன்றியம் அதனை அடுத்த கூட்டத்துக்கு எடுத்துக்கொண்டது.

இந்த வேளையில்தான் எமது மருமகள், தங்கையின் மகள், கொப்பிகளைக் கையில் எடுத்தாள். அவள் அப்போது உயர்தரத்தில் கணிதப் பிரிவில் படித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய தந்தையார், அதாவது எமது மைத்துனர், கழகத்தின் பழைய செயலாளர். களத்தின் ஓரத்தில் ஒரு வாங்கில் அமர்ந்து ஒவ்வோர் ஆட்டத்தையும் ஒரு கொப்பியில் எழுதுவது அவருடைய வழக்கம். 2009க்கு முந்திய கொப்பிகள் ஒன்றும் எஞ்சவில்லை. மீள்குடியேறிய பின்னர், 2013 தொடக்கம் எழுதியவை ஓர் அட்டைப்பெட்டியில் இருந்தன.

இந்தக் கொப்பிகளின் அருமையை வாசகர்கள் விளங்கிக்கொள்ள வேண்டுமானால் ஒன்றைச் சொல்லவேண்டும். போட்டி நடத்துவோர் வைத்திருக்கும் புள்ளித்தாளில் பெற்ற புள்ளிகளே பெரும்பாலும் இருக்கும். ஒருவர் பாடிப் போய் ஒன்றும் பெறாமல் திரும்பி வந்தால் அது புள்ளியைக் கூட்டுவதுமில்லை, குறைப்பதுமில்லை. ஆகவே எவரும் அதனைப் பொருட்படுத்துவதில்லை. எமது மைத்துனரோ ஒவ்வொரு பாடலுக்கும் ஒரு வரி எழுதினார். எந்தப் பக்கத்தவர், யார் போனார், வெறுங்கையோடு வந்தாரா, எத்தனை பேரைத் தொட்டார், போனஸ் எடுத்தாரா, பிடிபட்டாரா என்பதையெல்லாம் தமக்கேயுரிய சுருக்கெழுத்தில் குறித்தார். நேரக்கணிப்பாளர் ஐந்து நிமிடம் என்று குரல் கொடுக்கும்போதெல்லாம் குறுக்கே ஒரு கோடும் இழுத்தார். ஏன் இப்படி எழுதினீர்கள் என்று நாம் தொலைபேசியில் கேட்டபோது, பொழுது போகவில்லை என்றார்.

மருமகள் முதலில் செய்தது எமக்கு வியப்பை அளித்தது. காரணத்தைத் தேடுவதற்கு முன்னர், தேடுவதற்குக் காரணம் என்று ஒன்று இருக்கிறதா என்று பார்த்தாள். இரு அணிகள் சமபலமாக இருந்து ஆட்டம் நெருக்கமாக முடியுமானால், யார் வெல்வார் என்பது ஏறக்குறைய நாணயத்தைச் சுண்டிப் பார்ப்பது போன்றதே. ஒரு நாணயத்தை ஐந்து தடவை சுண்டினால் ஐந்தும் பூவாகவே விழுவதற்கு 32இல் ஒரு வாய்ப்பு உண்டு. எமது பகுதியில் கபடி விளையாடும் ஊர்கள் முப்பதுக்கு மேல் இருக்கும். அவற்றில் ஏதோ ஓர் ஊருக்கு எவருடைய குற்றமுமின்றி இப்படி நேர்ந்தால் அதில் வியப்பில்லை. “மாமா, அந்த ஊர் எங்கட ஊராகவும் இருக்கலாம். ஐந்து ஆட்டத்தை வைத்து ஒருவரைக் குற்றவாளி ஆக்க ஏலாது” என்றாள்.

ஆகவே அவள் இறுதி ஆட்டங்களோடு நின்றுவிடவில்லை. எந்தச் சுற்றாயினும் ஐந்து புள்ளிகளுக்குள் முடிந்த ஆட்டங்கள் அனைத்தையும் கொப்பிகளிலிருந்து பொறுக்கினாள். 26 கிடைத்தன. இவற்றில் கடைசி ஐந்து நிமிடக் கோட்டுக்குப் பின்னர் என்ன நடந்தது என்பதை வரி வரியாகப் பார்த்தாள்.

முதன்மை ஆட்டக்காரர் மீதான பழி இங்கேயே ஆட்டங்காணத் தொடங்கியது. இறுதி ஆட்டங்களின் முதல் 35 நிமிடங்களில் அவர் பத்துத் தடவை பாடிப் போனால் நான்கு தடவை ஏதோ ஒரு புள்ளியோடு திரும்பியிருந்தார். கடைசி ஐந்து நிமிடங்களிலும் அந்த விகிதம் குறையவில்லை, சற்றே கூடியிருந்தது. காசு வாங்கிக்கொண்டு தோற்பவர் இப்படியா விளையாடுவார்? களைப்பு என்ற காரணமும் நிலைக்கவில்லை. ஒரே நாளில் இரண்டு ஆட்டம் ஆடியவர்கள் எதிரணியினருந்தான். நடுவர்களைப் பற்றிக் கொப்பிகள் எதுவும் சொல்லவில்லை. சொல்லாத ஒன்றைப் பற்றித் தானும் சொல்லமாட்டேன் என்று அவள் அதனை விட்டுவிட்டாள்.

இங்கே கபடியின் விதிகளில் ஒன்றிரண்டை நினைவூட்டுவது அவசியம். பள்ளிக்கூட முற்றத்தில் சடுகுடு ஆடியவர்களுக்குக்கூட இன்றைய போட்டி விதிகள் முழுவதும் தெரிந்திருக்கும் என்று சொல்வதற்கில்லை. களத்தில் பக்கத்துக்கு ஏழு பேர். பாடிப் போகிறவர் எதிரணியில் ஒருவரைத் தொட்டுவிட்டுத் தன் பக்கம் திரும்பினால் ஒரு புள்ளி, தொடப்பட்டவர் வெளியேறவேண்டும். அதோடு, முன்னர் வெளியேறியிருந்த தன் அணித் தோழர் ஒருவர் களத்துக்கு மீள்வார். போனவரைப் பிடித்துவிட்டால் பிடித்த அணிக்கு அதே பலன்: ஒரு புள்ளி, ஒருவர் மீளுதல். ஆண்களுக்கான களத்தில் நடுக்கோட்டிலிருந்து 3.75 மீற்றர் தூரத்தில் ஒரு கோடும், அதற்கு அப்பால் மேலும் ஒரு மீற்றரில் போனஸ் கோடும் உண்டு. எதிர்ப்பக்கத்தில் ஆறு அல்லது ஏழு பேர் நிற்கும்போது, பாடிப் போகிறவர் மற்றக் காலைத் தரையில் ஊன்றாமல் ஒரு காலைப் போனஸ் கோட்டுக்கு அப்பால் வைத்துவிட்டு வந்தால், எவரையும் தொடாமலேயே ஒரு புள்ளி. ஆனால் இந்தப் புள்ளிக்கு எவரும் வெளியேறுவதுமில்லை, எவரும் மீள்வதுமில்லை. ஓரணியின் ஏழு பேரும் வெளியேறிவிட்டால் எதிரணிக்கு மேலதிகமாக இரண்டு புள்ளிகள். லோனா என்பது இதுதான். அதன்பின் வெளியேறிய ஏழு பேரும் மீண்டும் களமிறங்குவர்.

இதிலிருந்து ஒன்று புலப்படும். தொட்டுப் பெற்ற புள்ளியும் போனஸ் புள்ளியும் பலகையில் ஒன்றுதான், களத்தில் ஒன்றல்ல. தொட்டால் எதிரணியில் ஒருவர் குறைகிறார், எமது அணியில் ஒருவர் கூடுகிறார். இரண்டு ஆள் வித்தியாசம். போனஸில் ஒரு மாற்றமும் இல்லை.

மருமகள் இதனைப் பிடித்துக்கொண்டாள். பலகையில் என்ன இருந்தது என்பதைக் கொப்பி நேரடியாகச் சொல்லிற்று. களத்தில் எத்தனை பேர் நின்றார்கள் என்பதைச் சொல்லவில்லை. ஆனால் எல்லாப் பாடல்களும் வரிசையாக இருந்தபடியால் அதனைக் கட்டியெழுப்ப முடிந்தது. ஏழில் தொடங்கவேண்டும். எமது ஆள் ஒருவர் வெளியேறும்போதெல்லாம் ஒன்றைக் கழிக்கவேண்டும். நாம் தொடும்போதும் பிடிக்கும்போதும், வெளியே ஆள் இருந்தால், வெளியேற்றிய ஒவ்வொருவருக்கும் ஒன்றைக் கூட்டவேண்டும். ஏழுக்கு மேல் போகக்கூடாது. போனஸுக்கு எதுவும் கூட்டக்கூடாது. பூச்சியத்தைத் தொட்டால் லோனா, மறுபடி ஏழு. எதிரணிக்கும் இவ்வாறே. பென்சிலால் ஒவ்வொரு வரியின் ஓரத்திலும் இரண்டு இலக்கங்கள் எழுதிக்கொண்டே போனாள். ஓர் ஆட்டத்துக்கு எழுபது எண்பது வரிகள் இருக்கும். பரீட்சைக்குப் படிக்கவேண்டிய பிள்ளை இதையே செய்துகொண்டிருக்கிறாள் என்று தங்கை எம்மிடம் முறையிட்டதும் உண்டு.

இப்படிக் கட்டியெழுப்பிய கணக்கு சரியா பிழையா என்று அறிய அவளிடம் ஓர் உரைகல் இருந்தது. கணக்கு பூச்சியத்தைத் தொடும் இடத்தில் கொப்பியிலும் லோனா என்று எழுதியிருக்கவேண்டும். எழுதியிருந்தால் அதுவரை ஒரு வரியும் தவறவில்லை என்று ஓரளவு நம்பலாம். இரண்டு ஆட்டங்களில் இது பொருந்தவில்லை. ஒன்றில் மழை பெய்து மை கரைந்திருந்தது. மற்றதில், அந்த நேரம் யாரோ தேநீர் கொண்டுவந்திருக்கலாம் என்று மைத்துனர் சொன்னார். இரண்டையும் ஒதுக்கிவிட்டாள். மிஞ்சியவை 24.

இந்த 24 ஆட்டங்களில் கடைசி ஐந்து நிமிடங்கள் தொடங்கும்போது எமது அணி முன்னணியில் நின்றவை 15. இவற்றை அவள் இரண்டாகப் பிரித்தாள். அந்த நேரத்தில் எமது பக்கத்தில் ஐந்து பேரோ அதற்கு மேலோ களத்தில் நின்ற ஆட்டங்கள் 8. அவற்றில் 7 வெற்றி. நான்கு பேரோ அதற்குக் குறைவாகவோ நின்ற ஆட்டங்கள் 7. அவற்றில் ஒரேயொரு வெற்றி. பலகை இரண்டு வகையிலும் நாம் முன்னணி என்றே சொல்லிக்கொண்டிருந்தது. தோற்ற அந்த ஆறில் நான்கு எமது இறுதி ஆட்டங்கள்.

இலக்கங்களை விட்டு ஓர் ஆட்டத்தையே பார்ப்போம். 2019இல் நடந்த இறுதி ஆட்டம் அது. அதனைப் பற்றி இன்றும் பேச்சு எழுந்தால் எம்மவர்களுக்குத் தேநீர் இறங்காது. ஐந்து நிமிடம் மிச்சம் இருக்கையில் நாம் 27, அவர்கள் 24. ஊர்ச் சனம் வெடி கொளுத்தத் தயாராகிவிட்டது. கொப்பியின் ஓரத்தில் மருமகள் எழுதிய இலக்கங்களோ: நாம் மூவர், அவர்கள் எழுவர்.

எமது முதன்மை ஆட்டக்காரர் போனார், போனஸ் எடுத்தார். 28க்கு 24. களத்தில் அதே மூவர். அவர்கள் வந்து ஒருவரைத் தொட்டார்கள். 28க்கு 25, நாம் இருவர். மறுபடி எமது ஆள் போனார், மறுபடி போனஸ். 29க்கு 25. நான்கு புள்ளி முன்னணி, மூன்று நிமிடத்துக்குச் சற்று மேல் மிச்சம். கைதட்டல் வானைப் பிளந்ததாம். அடுத்து அவர்களுடைய ஆள் வந்தார். எமது இருவரும் சேர்ந்து அவரைப் பிடித்தார்கள். அவர் இருவரையும் இழுத்துக்கொண்டு நடுக்கோட்டில் கையை வைத்துவிட்டார். இருவருக்கு இரண்டு புள்ளி, லோனாவுக்கு இரண்டு. 29க்கு 29. ஒரேயொரு பாடலில் நான்கு புள்ளி முன்னணி கரைந்தது. அதன்பின் ஏழுக்கு ஏழு. எமது ஆள் வெறுங்கையோடு திரும்பினார். அவர்கள் ஒருவரைத் தொட்டார்கள். எமது ஆள் போய்ப் பிடிபட்டார். 29க்கு 31. மிச்ச நேரத்தை அவர்கள் ஒரு பாடலுக்கு முப்பது விநாடியாக நடந்து நடந்தே கழித்துவிட்டார்கள்.

ஊரார் எல்லோருடைய நினைவிலும் நின்றது அந்தக் கடைசிப் பிடிபடல்தான். அதிலிருந்துதான் காசு வாங்கிய கதையே பிறந்தது. ஆனால் ஆட்டம் போனது அங்கே அல்ல. 27க்கு 24 என்று பலகை மினுங்கிக்கொண்டிருந்த நேரத்திலேயே, மூவர் எழுவரை எதிர்த்து நின்றபோதே, அது பாதி போய்விட்டது. மருமகள் இதற்கு ஒரு கணக்கும் சொன்னாள். ஏழு பேர் வெளியேறினால் எதிரணிக்கு ஏழு புள்ளி மட்டுமல்ல, லோனாவோடு ஒன்பது. ஆகவே வெளியே அமர்ந்திருக்கும் ஒவ்வொருவர் பேரிலும் ஏழில் இரண்டு பங்கு புள்ளி கடனாக எழுதப்பட்டுக்கொண்டிருக்கிறது. அந்தக் கடன் பலகையில் தெரிவதில்லை. லோனா விழும்போது மொத்தமாக வந்து நிற்கிறது. நால்வர் வெளியே இருந்தால் ஒரு புள்ளிக்கு மேல் ஏற்கனவே கடன். எஞ்சிய மூவர் தொடுகைக்கு ஆளாவதும் எளிது. பிடிப்பதற்கும் ஆள் போதாது.

லோனா விழுவதே கேடு என்றும் அவள் சொல்லவில்லை. முதற்பாதியில் எமது அணிக்கு லோனா விழுந்த ஆட்டங்கள் பலவற்றில் நாமே வென்றிருக்கிறோம். ஏழு பேரும் மீண்டு வந்து ஆட நேரம் இருந்தது. கெட்டிக்கார அணிகள், ஒருவரோ இருவரோ எஞ்சியிருக்கும்போது, நேரம் நிறைய இருந்தால் அவர்களை விரைவாகவே விட்டுக்கொடுத்து எழுவரையும் திரும்பப் பெறுவதுண்டு. கடைசி ஐந்து நிமிடங்களில் விழும் லோனாவுக்குத்தான் மருந்தில்லை.

அப்படியாயின் ஏன் இறுதி ஆட்டத்தில் மட்டும் எமது அணி ஆள் குறைந்து நிற்கிறது? முதற்சுற்றுக்களில் ஏன் அப்படி இல்லை? இந்த வினாவுக்கு விடை காண அவள் முதன்மை ஆட்டக்காரரின் புள்ளிகளைத் தனியே பிரித்தாள். முதற்சுற்றுக்களில் அவர் பெற்ற நான்கு புள்ளிகளில் ஒன்றுதான் போனஸ். இறுதி ஆட்டங்களில் பாதிக்கு மேல் போனஸ். இறுதிக்கு வரும் எதிரணியின் இரு மூலைகளிலும் நிற்பவர்கள் பலசாலிகள். கணுக்காலை எட்டிப் பிடித்தால் விடமாட்டார்கள். அவர்கள் அருகே போய்த் தொடுவது ஆபத்து. போனஸ் கோட்டில் ஒரு காலை வைத்துவிட்டு மீள்வது அவ்வளவு ஆபத்தில்லை. எமது ஆட்டக்காரர் உயரமானவர், நீண்ட காலுடையவர். அந்த வித்தையில் தேர்ந்தவர். ஆகவே கடினமான ஆட்டம் வரும்போதெல்லாம் அவர் தமக்குக் கைவந்ததைச் செய்தார். புள்ளி ஏறிற்று. வெளியே அமர்ந்திருந்த தோழர்கள் அங்கேயே அமர்ந்திருந்தார்கள்.

இதற்கு அவரை மட்டும் நோவது நியாயமில்லை. எமது பகுதிச் சுற்றுப்போட்டிகளில் சிறந்த பாடிச் செல்வோருக்கு ஒரு தனிப் பரிசு உண்டு. சில இடங்களில் ஈருருளியே கொடுக்கிறார்கள். மொத்தப் புள்ளியை எண்ணித்தான் அதனைக் கொடுக்கிறார்கள். போனஸும் தொடுகையும் அங்கே ஒன்றுதான். இரண்டு தடவை அந்தப் பரிசை அவரே பெற்றார், இரண்டு தடவையும் அவருடைய அணி தோற்றது. அந்தப் பரிசைக் கொடுப்போர் தொடுகைப் புள்ளிகளை மாத்திரம் எண்ணுவார்களாயின் எத்தனையோ அணிகளின் ஆட்டம் மாறும் என்பது எமது கருத்து. போனஸ் எடுக்கும்போது எழும் கைதட்டலை யார் நிறுத்துவது என்பது வேறு விடயம்.

மருமகள் கொப்பியோடு முதலில் போனது கழகத்துக்கு அல்ல; அந்த ஆட்டக்காரரிடம். கரையில் வலை பொத்திக்கொண்டிருந்தவர் முதலில் முகங்கொடுத்துப் பேசவில்லையாம். அவள் மணலில் குந்தியிருந்து 2019ஆம் ஆண்டு ஆட்டத்தின் கடைசிப் பத்து வரிகளையும் வாசித்துக் காட்டினாள். ஒவ்வொரு வரிக்கும் ஓரத்தில் எழுதிய இரண்டு இலக்கங்களையும் சேர்த்து வாசித்தாள். நாம் மூன்று, அவர்கள் ஏழு. நாம் இரண்டு, அவர்கள் ஏழு. அவர் வலையைக் கீழே வைத்துவிட்டுக் கொப்பியை வாங்கிப் பார்த்தார். பிறகு சொன்னதை அவள் எமக்கு அப்படியே சொன்னாள்.

“தங்கச்சி, பாடிப் போகேக்க நான் அந்தப் பக்கத்தை ஒவ்வொருதரமும் எண்ணுவன். ஆறு பேர் நிண்டாத்தானே போனஸ். எங்கட பக்கத்தை ஒருநாளும் எண்ணினதில்லை. அது என்ர முதுகுக்குப் பின்னால எல்லோ நிக்குது.”

இந்த ஒரு வாக்கியத்தில், 24 ஆட்டங்களின் கணக்கும் சொல்லாத ஒன்று இருந்ததாக எமக்குப் பட்டது. எதிரணியின் எண்ணிக்கை அவருக்குப் புள்ளி. தன் அணியின் எண்ணிக்கையை அவருக்குச் சொல்ல எவரும் இருக்கவில்லை. பலகை எழுதுகிறவர் புள்ளியை மட்டும் எழுதினார். வெளியே நின்று கத்திய நாற்பது ஐம்பது பேரும் புள்ளியை மட்டும் கத்தினார்கள். தொலைக்காட்சியில் கபடி காட்டும்போது இரு பக்கத்திலும் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்பதைத் திரையில் போடுகிறார்கள். ஊர் மைதானத்தில் திரை ஏது?

கழகத்தில் வரவேற்பு அவ்வளவு இனிமையாக இருக்கவில்லை. பெண்பிள்ளை, ஒருநாளும் களத்தில் இறங்காதவள், ஆட்டம் சொல்லித்தர வந்துவிட்டாள் என்று ஒருவர் எழுந்து போய்விட்டார். வேறொருவர் நியாயமான கேள்வி கேட்டார். ஐந்து இறுதி ஆட்டங்களில் நான்குக்குத்தானே இது பொருந்துகிறது, ஐந்தாவது என்ன ஆயிற்று? அதற்கு இது பொருந்தாது என்று அவள் ஒப்புக்கொண்டாள். அந்த ஆட்டத்தில் நாம் முன்னணியிலேயே இருக்கவில்லை. இடது மூலையில் நிற்பவர் பத்தாம் நிமிடத்தில் கணுக்கால் பிசகி வெளியேறிவிட்டார். வேறு காரணத்தைத் தேடவேண்டிய தேவை அங்கே இல்லை. இன்னொரு குறையையும் அவளே எடுத்துச் சொன்னாள். ஆள் குறைந்து நின்றபடியால் தோற்றோமா, அல்லது எதிரணி உண்மையில் எம்மைவிடப் பலமானதாக இருந்தபடியால் ஆளும் குறைந்து தோல்வியும் வந்ததா என்பதை 24 ஆட்டங்களால் முற்றாகப் பிரித்துக் காட்ட முடியாது. இரண்டும் கலந்திருக்கலாம். ஆனால் எதிரணியின் பலத்தை எம்மால் மாற்ற முடியாது, எமது பாடலை மாற்றலாம் என்றாள்.

அவள் கேட்டவை இரண்டே. முதலாவது, பெரிய பலகைக்கு அருகில், களத்தில் நிற்பவர்கள் கண்ணில் படக்கூடிய இடத்தில், ஒரு சின்னக் கரும்பலகை. அதில் இரண்டு இலக்கங்கள் மட்டும்: எமது பக்கத்தில் எத்தனை பேர், அவர்கள் பக்கத்தில் எத்தனை பேர். இரண்டாவது, ஒரு கட்டுப்பாடு. எமது பக்கத்தில் ஐவருக்குக் குறைவாக நின்றால், முன்னணியில் இருந்தாலும், பாடிப் போகிறவர் போனஸோடு திருப்திப்பட்டுத் திரும்பக்கூடாது. ஒருவரையேனும் தொட முயலவேண்டும். பிடிபடக்கூடும் என்பது உண்மைதான். ஆனால் அந்த ஆபத்தைப் பதினைந்து நிமிடம் மிச்சம் இருக்கும்போது ஏற்பது வேறு, மூன்று நிமிடம் மிச்சம் இருக்கும்போது வேறு வழியின்றி ஏற்பது வேறு.

ஒன்றியத்தின் கூட்டத்தில் நாம் இந்தக் கணக்கை வாசித்தோம். மருமகள் கொப்பியின் பக்கங்களைப் படம்பிடித்து வட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தாள். பயிற்றுநருக்கான பணம் தேவையில்லை என்று சிலரும், கணக்கு வேறு பயிற்சி வேறு, இரண்டும் வேண்டும் என்று சிலரும் வாதாடினார்கள். முடிவில் பணம் அனுப்பப்பட்டது, ஆட்டக்காரரை நீக்கும் பேச்சு மட்டும் எடுபடவில்லை. 2019ஆம் ஆண்டு ஆட்டத்தின் பத்து வரிகளைப் பார்த்த பின்னர், காசு வாங்கிய கதையை முதலில் இங்கு கொண்டுவந்தவரே அதனைத் திரும்ப எடுக்கவில்லை. அவர் மன்னிப்பும் கேட்கவில்லை என்பதையும் எழுதிவைக்கத்தான் வேண்டும்.

2024இல் எமது அணி காலிறுதியிலேயே எட்டுப் புள்ளிகளால் தோற்றது. பழக்கத்தை மாற்றுவது அவ்வளவு எளிதாக இருக்கவில்லை. போனஸ் கோட்டுக்குப் பழகிய கால் மூலைக்குப் போக மறுத்தது, போனபோது பிடிபட்டது. கணக்குப் பார்த்து ஆடினால் இதுதான் கதி என்று எழுந்து போனவர் சொல்லித் திரிந்தார். அந்த ஆட்டம் முழுவதிலும் நாம் பின்னணியிலேயே நின்றபடியால் மருமகளின் கணக்குக்கு அது சான்றாகவும் இல்லை, எதிர்ச்சான்றாகவும் இல்லை.

2025இல் மறுபடி ஓர் இறுதி ஆட்டம் வந்தது. மைத்துனர் வழக்கம்போல வாங்கில். சின்னக் கரும்பலகையைக் கையில் பிடித்துக்கொண்டு களத்தின் மூலையில் நின்றவன் ஒன்பதாம் வகுப்புப் பையன். இரண்டாம் பாதியின் எட்டாவது நிமிடத்தில் எமது பக்கத்தில் நால்வர், இரண்டு புள்ளி முன்னணி. எமது ஆட்டக்காரர் போனார். எதிர்ப்பக்கத்தில் அறுவர் நின்றார்கள். போனஸ் திறந்து கிடந்தது. அவர் கரும்பலகையை ஒருமுறை திரும்பிப் பார்த்தாராம். பிறகு வலது மூலைக்குப் போய், அங்கு நின்றவருடைய தோளைத் தொட்டுவிட்டு, சட்டை கிழிய மீண்டார். ஐவர். அடுத்த தடவையும் தொட்டார். அறுவர். கடைசி ஐந்து நிமிடக் கோடு விழுந்தபோது பலகையில் ஒரேயொரு புள்ளி முன்னணி. பழைய ஆட்டங்களை நினைத்தவர்கள் தலையில் கைவைத்தார்கள். களத்தில் ஆறு பேர். இரண்டு புள்ளிகளால் வென்றார்கள்.

அன்றிரவு தொலைபேசியில் பின்னால் ஒரே மேளச் சத்தம். மருமகள் பல்கலைக்கழக விடுமுறையில் வந்து நின்றாள். கோப்பையைப் பற்றி நாம் கேட்டதற்கு அவள் சரியாக மறுமொழி சொல்லவில்லை. எட்டுக்கு ஏழு என்று இருந்ததை வெட்டிவிட்டு ஒன்பதுக்கு எட்டு என்று எழுதியிருப்பதாகச் சொன்னாள். பிறகு, கரும்பலகையின் சட்டம் வெடிவிட்ட அமளியில் உடைந்துவிட்டது என்றும், அடுத்த முறை காசு அனுப்பும்போது அதற்கு ஒரு ஆயிரம் ரூபாவைச் சேர்த்து அனுப்பும்படியும் கேட்டாள்.